நாற்பத்தொரு மெயில், ஒரே முடிவு

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பையர், டையிங், புரொடக்‌ஷன், சரக்கு அனுப்பும் ஃபார்வர்டர் என்று எல்லோரும் மாறி மாறிப் பதில் போட்டு, நேவி துணியில் ஒரு லாட்டின் ஷேட் மாறிப்போன ஒரே விஷயத்துக்கு 41 மெயில் சேர்ந்துவிட்டது. அதை எம்.டி.க்கு ஃபார்வர்ட் செய்து “கீழே பார்த்து முடிவு சொல்லுங்கள் சார்” என்று எழுதினேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. நேரில் கேட்டால் “என்னம்மா வேணும், சுருக்கமா சொல்லு” என்கிறார். சுருக்கி எழுதினாலும் அதுவே இரண்டு பக்கம் வருகிறது. எதை விடுவது, எதை முதலில் எழுதுவது? பெயர்களை அழித்துவிட்டு மெயில்களை இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மெயில்களை முழுவதும் படித்தேன். இணைத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பொதுவாகச் சொல்வதைவிட உங்கள் மெயில்களையே வைத்துச் செய்து காட்ட முடியும்.

நீங்கள் சுருக்கியதாகச் சொல்லும் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். முதல் மெயிலில் தொடங்கி, யார் என்ன சொன்னார், அதற்கு யார் என்ன பதில் சொன்னார் என்று தேதிவாரியாக வருகிறது. அதில் உழைப்பு தெரிகிறது. ஆனால் அது நடந்ததன் வரலாறு. எம்.டி.க்கு வரலாறு தேவைப்படுவது முடிவெடுத்த பிறகு, அதுவும் யாராவது கேள்வி கேட்டால்தான். இப்போது அவருக்குத் தேவை மூன்றே விஷயம்: எதற்கு சரி சொல்ல வேண்டும், எத்தனை மணிக்குள், சொன்னால் எவ்வளவு செலவாகும். உங்கள் இரண்டு பக்கத்தில் இந்த மூன்றும் கடைசிப் பத்தியில்தான் இருக்கின்றன. அதிலும் மணி தப்பாக இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை, முடிவு என்ன என்பதை ஒரே கேள்வியாக எழுதிப் பார்ப்பது. கம்ப்யூட்டரில் வேண்டாம், ஒரு காகிதத்தில் எழுதுங்கள். “நேவி ஷேட் பிரச்சினைக்கு என்ன செய்யலாம்?” என்று எழுதினால் அது முடிவுக்கான கேள்வி ஆகாது. அதற்குப் பதில் சொல்ல அவர் மறுபடியும் 41 மெயிலையும் படிக்க வேண்டியிருக்கும். “நேவி லாட் 2-ஐ இப்போதுள்ள ஷேடிலேயே கட்டிங்குக்கு விட்டு, 4 சதவீதத் தள்ளுபடியில் அனுப்பலாமா?” என்று எழுதினால், ஃபோனைப் பார்த்தபடியே சரி, வேண்டாம் என்று பதில் போட்டுவிடலாம். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற அளவுக்குக் கேள்வி கூராகும்வரை சுருக்கத்தை எழுதத் தொடங்காதீர்கள். கேள்வி கூராகவில்லை என்றால், நமக்கே விஷயம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். யாரிடமாவது ஃபோனில் கேட்டுத் தெளிய வேண்டியது அந்தக் கட்டத்தில்தான்.

இந்தக் கேள்வி உங்கள் கடைசி மெயிலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி மெயிலில் பையிங் ஆபீஸ்காரர் “உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறோம்” என்று மட்டும் எழுதியிருக்கிறார். பையரின் தரக்கட்டுப்பாட்டு ஆள் தள்ளுபடியைப் பற்றி எழுதியது 29-ஆவது மெயிலில், ஒரு நீளமான பத்தியின் நடுவில். அதற்கு மேல் பன்னிரண்டு மெயில் வந்து அதை மூடிவிட்டன. மேலிருந்து நாலைந்து மெயிலைப் படித்துவிட்டு நிறுத்துகிறவருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

எனவே படிக்கும்போது கீழிருந்து, அதாவது முதலில் வந்த மெயிலிலிருந்து மேலே வாருங்கள். ஒவ்வொரு மெயிலிலும் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இந்த மெயிலால் ஏதாவது மாறியதா? ஒரு தேதி, தொகை, நிபந்தனை, ஒப்புதல், இவற்றில் ஒன்று மாறியிருந்தால் காகிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். நாள், யார் சொன்னது, என்ன மாறியது. மாறவில்லை என்றால் தாண்டிப் போங்கள். உங்கள் 41 மெயிலில் ஏதாவது மாறியது ஒன்பதில்தான். மற்றவை நினைவூட்டல், நன்றி, “இதைப் பாருங்கள்” என்று இன்னொருவரைச் சேர்த்தது, ஒரே ஃபோட்டோவை மறுபடி அனுப்பியது. பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் சரியாக இருந்த நேவி, கடை வெளிச்சமான டிஎல்84-இல் பச்சை அடிக்கிறது என்பதைப் பற்றி மட்டும் பதினான்கு மெயில். அதில் நீங்கள் எடுத்துப் போட்ட விளக்கமெல்லாம் சரிதான், எனக்குப் படிக்கவும் பிடித்திருந்தது. ஆனால் முடிவுக்கு அதிலிருந்து தேவைப்படுவது “லாட் 2 கடை வெளிச்சத்தில் லேசாகப் பச்சை அடிக்கிறது” என்ற ஒரு வாக்கியம்.

இப்படிப் படிக்கும்போது நான்கு இடத்தில் கவனம் வேண்டும். நான்கும் உங்கள் மெயில்களிலேயே இருக்கின்றன.

ஒன்று, “நோட்டட்” என்ற பதில். 17-ஆவது மெயிலில் ஷேட் ஃபோட்டோவுக்குப் பையர் அப்படிப் பதில் போட்டிருக்கிறார். உங்கள் இரண்டு பக்கத்தில் அது “பையர் ஒப்புக்கொண்டார்” என்று வந்துவிட்டது. நோட்டட் என்றால் பார்த்தேன் என்றுதான் பொருள். ஒப்புதல் என்றால் எதை ஒப்புக்கொள்கிறார் என்பதை அவரே எழுதியிருக்க வேண்டும். ஏற்றுமதியில் இந்த ஒரு வார்த்தையை நம்பித் துணியை வெட்டிவிட்டு, பிறகு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. சுருக்கத்தில் “ஒப்புக்கொண்டார்” என்று எழுதும் ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கான மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இரண்டு, நிபந்தனை. அந்த 29-ஆவது மெயிலில் பையர் தரப்பு சொன்னது “லாட் 2-ஐத் தனிப் பெட்டிகளில் கட்டினால், அந்தப் பீஸ்களுக்கு 4 சதவீதத் தள்ளுபடியோடு ஏற்கிறோம்” என்பது. சுருக்கும்போது முதலில் உதிர்வது “கட்டினால்” என்ற பாதிதான். அது உதிர்ந்தால் பேக்கிங்கில் இரண்டு லாட்டையும் கலந்து கட்டிவிடுவார்கள். கடையில் ஒரே அலமாரியில் இரண்டு நேவி பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். மொத்த ஆர்டர் மீதும் புகார் வரும். ஒரு சம்மதத்தை எழுதினால் அதன் நிபந்தனையையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள், அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளாதீர்கள்.

மூன்று, பழைய தேதி. முதல் மெயில்களில் எக்ஸ்-ஃபேக்டரி தேதி, அதாவது சரக்கு ஆலையை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள், ஜூன் 18. 22-ஆவது மெயிலில் அது 20-ஆக மாறியிருக்கிறது. உங்கள் சுருக்கத்தின் மேல் பாதியில் 18-ம் கீழ்ப் பாதியில் 20-ம் இருக்கிறது. தேதிவாரியாக எழுதினால் இது தானாகவே நடக்கும், ஏனென்றால் அந்த நாளில் அது உண்மை. எம்.டி.க்குப் போகும் சுருக்கத்தில் இன்றைக்கு உண்மையாக இருப்பது மட்டும்தான் இருக்க வேண்டும்.

நான்கு, கிளை பிரிந்த மெயில். டையிங் யூனிட் ரீ-டையிங் செலவில் பாதியை ஏற்பதாகச் சொன்ன பதில் உங்களுக்கு நேராக வரவில்லை. அவர் எல்லோருக்கும் பதில் போடாமல் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு மட்டும் போட்டிருக்கிறார். அதை மேனேஜர் மறுநாள் வேறு விஷயத்துக்குப் பதில் எழுதும்போது கீழே வால் போல ஒட்டிவிட்டார். 34-ஆவது மெயிலின் அடியில் இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு தொகையோ தேதியோ எங்கிருந்து வந்தது என்று புரியாமல் திடீரென முளைத்தால், எங்கோ ஒரு கிளை பிரிந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இதே காரணத்தால் இணைப்புகளும் தொலையும். ரிப்ளை செய்தால் பழைய இணைப்பு கூட வராது, ஃபார்வர்ட் செய்தால்தான் வரும். ஷேட் ரிப்போர்ட் 12-ஆவது மெயிலோடு நின்றுவிட்டது அதனால்தான்.

இப்போது அந்த மணி விஷயம். பையர் கெடுவாகச் சொன்னது “வியாழன் நண்பகல்”. அவர் ஜெர்மனியில் இருக்கிறார். ஜூன் மாதத்தில் அங்கே நண்பகல் என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. குளிர்காலத்தில் என்றால் 4.30. நீங்கள் “வியாழன் மாலைக்குள்” என்று எழுதியிருந்தீர்கள். எம்.டி. ஆறு மணிக்குச் சரி என்று சொல்லியிருந்தால், பையர் ஏற்கெனவே அடுத்த படிக்குப் போயிருப்பார். கெடுவை எப்போதும் நம் நேரத்தில், மணியோடு எழுதுங்கள். நீங்கள் பதில் தட்டச்சு செய்து அனுப்பவும் நேரம் வேண்டும் என்பதால் எம்.டி.க்கு 3 மணி என்று கொடுங்கள்.

அடுத்து தொகை. உங்கள் மெயில்களில் ரீ-டையிங் கிலோ கணக்கில் இருக்கிறது, விமானச் சரக்கும் கிலோ கணக்கில் இருக்கிறது, தள்ளுபடியோ டாலரில் சதவீதமாக இருக்கிறது. இந்த மூன்றையும் அப்படியே கொடுத்தால் எம்.டி. கால்குலேட்டரை எடுக்க வேண்டும். அவர் எடுக்க மாட்டார், பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். எல்லாவற்றையும் ரூபாய்க்குக் கொண்டுவாருங்கள். 3,000 பீஸ், பீஸுக்கு 2.80 டாலர், மொத்தம் 8,400 டாலர். அதில் 4 சதவீதம் 336 டாலர். நீங்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருக்கும் 85 ரூபாய் விலையில் சுமார் 28,500. மறுபக்கம் 450 கிலோ ரீ-டையிங், கிலோவுக்கு 80 ரூபாய், மொத்தம் 36,000, நம் பங்கு 18,000. இதோடு நின்றால் ரீ-டையிங்தான் மலிவு என்று தோன்றும். உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் லாட்டை 13-ஆம் தேதி போட்டால் துணி வர நான்கு நாள், பிறகு கட்டிங், தையல், பேக்கிங் என்று பீஸ் தயாராவது 23. 20-ஆம் தேதிக்குள் தயாராகாத பீஸை நம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும் என்று பையர் ஏற்கெனவே எழுதிவிட்டார். ஃபார்வர்டர் சொன்ன ரேட் கிலோவுக்கு 240, பெட்டியோடு 500 கிலோ, ஆக 1,20,000. சேர்த்தால் 1,38,000. ஒரு வழியின் செலவைச் சொல்லும்போது அந்த வழி இழுத்துக்கொண்டு வரும் செலவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சுருக்கம் செய்வதில் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது, வார்த்தையைக் குறைப்பதில் இல்லை.

இவ்வளவும் காகிதத்தில் வந்த பிறகு மெயில் எழுதப் பத்து நிமிஷம் போதும். நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்:

பொருள்: முடிவு தேவை, இன்று (வியாழன் 12) பிற்பகல் 3 மணிக்குள் – நேவி லாட் 2

சார்,

நேவி லாட் 2-ஐ (3,000 பீஸ்) இப்போதுள்ள ஷேடிலேயே தைத்து 4% தள்ளுபடியில் அனுப்பலாமா? பிற்பகல் 3 மணிக்குள் உங்கள் பதில் வேண்டும். பையரின் கெடு நம் நேரத்துக்கு 3.30.

அனுப்பலாம் என்பது என் கருத்து. நமக்குச் செலவு சுமார் 28,500 ரூபாய், 20-ஆம் தேதி எக்ஸ்-ஃபேக்டரி மாறாது. ரீ-டையிங் செய்தால் பீஸ் தயாராவது 23-இல். விமானச் செலவோடு சேர்த்து 1,38,000 ரூபாய்.

காரணம்: லாட் 2 கடை வெளிச்சத்தில் லேசாகப் பச்சை அடிக்கிறது. லாட் 1 சரியாக உள்ளது. லாட் 2-ஐத் தனிப் பெட்டிகளில் கட்டினால் ஏற்பதாகப் பையர் எழுதியிருக்கிறார் (10-ஆம் தேதி மெயில்).

ரீ-டையிங்கை 19-க்குள் முடித்துவிடலாம் என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். துணிக்கு மட்டும் நான்கு நாள் ஆகும் என்கிறது டையிங் யூனிட்.

டையிங் யூனிட் ரீ-டையிங் செலவில் பாதியை ஏற்பதாகச் சொன்னது. தள்ளுபடியில் பங்கு கேட்டு இன்னும் பேசவில்லை.

பையர் மெயில், ஷேட் ரிப்போர்ட், ஃபார்வர்டர் ரேட் மூன்றும் இணைப்பில்.

சார் ஃபோனில் அறிவிப்பாக வரும்போதே பொருள் வரியும் முதல் வாக்கியத்தின் தொடக்கமும் தெரிந்துவிடும். அதனால்தான் அந்த இரண்டில் கேள்வியும் கெடுவும் இருக்கின்றன. “நேவி ஷேட் தொடர்பாக” என்ற பழைய பொருள் வரியை 41 தடவை பார்த்துப் பழகியவர் 42-ஆவது தடவை திறக்க மாட்டார்.

மேனேஜரின் மாற்றுக் கருத்தை நான் விடாமல் வைத்திருப்பதைப் பாருங்கள். உங்கள் கருத்துக்கு எதிரானது என்பதற்காக அதை வெட்டிவிடக் கூடாது. எம்.டி. சரி சொன்ன பிறகு மேனேஜர் வந்து “நான் அன்னைக்கே சொன்னேனே” என்றால், அடுத்த தடவை உங்கள் சுருக்கத்தை அவர் நம்ப மாட்டார், முழு மெயில்களையும் கேட்பார். அதே நேரத்தில் யார் தப்பு என்ற பேச்சு ஒரு வரிகூட வேண்டாம். டையிங்கில் ஏன் இப்படி ஆனது, லேப் டிப்பை எந்த விளக்கில் பார்த்தார்கள் என்பதெல்லாம் 20-ஆம் தேதிக்கு அப்புறம் உட்கார்ந்து பேச வேண்டியது. இன்று 3 மணிக்குள் எடுக்கும் முடிவு அதனால் மாறாது.

செலவைப் பற்றிய கடைசி வரி உங்கள் மெயில்களில் எங்குமே இல்லை, நான் சேர்த்தது. பாதிச் செலவை ஏற்கத் தயாராக இருந்த டையிங் யூனிட்டிடம் தள்ளுபடியில் பங்கு கேட்பதுதானே நியாயம். எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் பார்த்தால்தான் இப்படி விட்டுப்போனது கண்ணில் படும். இன்னும் முடிவாகாதது, கேட்காமல் விட்டது எதுவோ, அதை ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

“என் கருத்து” என்று எழுதத் தயக்கமாக இருக்கும், தெரிகிறது. பெரியவரிடம் முடிவை முதலில் சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் அலுவலகங்களில் ஆழமாக இருக்கிறது. பின்னணியெல்லாம் சொல்லி, பணிவாகக் கடைசியில் கேட்பதுதான் பழக்கம். ஆனால் மேலதிகாரி, கீழதிகாரி என்ற அடுக்கை மிகக் கறாராகக் காப்பாற்றும் அமெரிக்க ராணுவத்தின் கடித விதிகளே, முக்கியமான செய்தியை முதலில் எழுது என்கின்றன. 1940 ஆகஸ்ட் 9 அன்று, போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தன் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகள் நீளமாக இருக்கின்றன, முக்கியமானதைச் சிறு பத்திகளில் சொல்லுங்கள், விரிவான அலசலும் புள்ளிவிவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்று கேட்டிருந்தார். படிக்கிறவரின் நேரத்தை மதிப்பதும் மரியாதைதான். உங்கள் எம்.டி.யே “என்னம்மா வேணும்” என்று நேராகக் கேட்டிருக்கிறாரே. அவர் கேட்டதற்குப் பதிலை முதல் வரியில் வையுங்கள், “சார்” அப்படியே இருக்கட்டும்.

இந்த முறை பொருந்தாத இடமும் உண்டு. ஒரே சங்கிலியில் இரண்டு பேர் எடுக்க வேண்டிய இரண்டு முடிவு இருந்தால் ஒரே சுருக்கத்தில் அடைக்காதீர்கள். இரண்டு மெயிலாக, அவரவருக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள். முடிவே தேவையில்லை, தகவலுக்குத்தான் என்றால் “முடிவு எதுவும் தேவையில்லை” என்பதையே முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

அனுப்பும்போது, பழைய சங்கிலிக்குப் பதிலாகப் போடாமல் புது மெயிலாக அனுப்புங்கள். பழையதில் பையரும் பையிங் ஆபீஸும் சிசியில் இருக்கிறார்கள். 28,500-ம் 1,38,000-ம் நம் வீட்டுக் கணக்கு. தள்ளுபடியை ஏற்பது நமக்கு எவ்வளவு லாபம் என்று பையர் தெரிந்துகொண்டால் 4 சதவீதம் 6 ஆகிவிடும். சங்கிலி முழுவதையும் கீழே ஒட்ட வேண்டாம். ஆதாரமான மூன்று மெயிலை மட்டும் இணையுங்கள். மற்றவை உங்கள் இன்பாக்ஸில் இருக்கின்றன, கேட்டால் கொடுக்கலாம்.

எம்.டி. “ஓகே” என்று மட்டும் பதில் போடுவார். இங்கே கேள்வி ஒன்றுதான் என்பதால் அந்த ஓகே போதும். ஆனால் அதை அப்படியே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். பழைய சங்கிலிக்குத் திரும்பிப் போய், எல்லோருக்கும் பதிலாக, “லாட் 2-ஐ 4% தள்ளுபடியில், தனிப் பெட்டிகளில் கட்டி அனுப்புகிறோம், எக்ஸ்-ஃபேக்டரி ஜூன் 20, எழுத்தில் உறுதி செய்யவும்” என்று பையருக்கு எழுதுங்கள். கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் தனியாக, தொகை இல்லாமல், தமிழிலேயே ஒரு மெசேஜ். பையரின் உறுதி “நோட்டட்” என்று வந்தால் ஃபோனை எடுத்து, “கன்ஃபர்ம்ட்” என்று எழுதிவாங்கிவிட்டு அப்புறம் துணியை வெட்டச் சொல்லுங்கள்.